230 ரூபாய்க்கு ஒரு கிலோ அரிசி. ஆனால் அது ஒரு கிலோவா?

2024 டிசம்பரில் அரசாங்கம் வர்த்தமானி மூலம் அரிசிக்கு உச்சபட்ச சில்லறை விலையை நிர்ணயித்தபோது நாடு முழுவதும் ஒரே பேச்சுத்தான். நாட்டரிசி 230 ரூபாய், சம்பா 240 ரூபாய், கீரி சம்பா 260 ரூபாய். கடைகளில் அரிசி இருக்கிறதா, அந்த விலைக்குக் கிடைக்கிறதா, கூடுதலாக விற்றவர்கள் பிடிபட்டார்களா என்பதே செய்தியாக இருந்தது. அந்த விலைகள் எல்லாம் ஒரு கிலோவுக்கானவை. அந்தக் கிலோ முழுக் கிலோவா என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

கணக்கு எளிமையானது. 230 ரூபாய்க்கு விற்கப்படும் பொதியில் 950 கிராம் மட்டும் இருந்தால், வாங்கியவர் உண்மையில் கிலோவுக்கு 242 ரூபாய் கொடுத்திருக்கிறார். விலைப் பட்டியலில் பிழை இல்லை, பற்றுச்சீட்டில் பிழை இல்லை, பரிசோதகர் வந்து பார்த்தாலும் விலை சரி. விலைக்கு உச்சவரம்பு போடப்படும் காலத்தில் நிறைதான் மறைமுகமான விலையாகிறது. எல்லா வியாபாரிகளும் இப்படிச் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. நான் கண்டவரை நிறைக் குறைவில் பெரும்பகுதி கவனக்குறைவுதான். ஆனால் கவனக்குறைவால் போனாலும் களவால் போனாலும் வாங்கியவருக்குப் போன அரிசி ஒன்றுதான். அதைக் கேட்டுப் பெறும் உரிமையும் ஒன்றுதான்.

நம் சமூகத்தில் இந்தக் கேள்விக்கு இன்னொரு பாரம் உண்டு. அளவையில் குறைப்பவர்களின் பெயரிலேயே குர்ஆனில் ஒரு ஸூரா இருக்கிறது என்பது மத்ரஸாப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ரமழானில் பள்ளிவாசல்களும் ஜமாஅத்களும் நலன்புரிச் சங்கங்களும் இலட்சக்கணக்கான ரூபாய்க்கு உலர் உணவுப் பொருட்களை வாங்கும்போது, வந்த மூட்டைகளை எண்ணுவார்கள், நிறுக்க மாட்டார்கள். ஸகாத்தும் ஸதகாவுமாகச் சேர்ந்த பணம் அது. ஸதகத்துல் பித்ராவோ ஒரு ஸாஉ என்ற அளவிலேயே கடமையாக்கப்பட்டது. அந்தப் பொதி குறைந்தால் கடமை நிறைவேறியதா என்பது உலமாக்கள் சொல்ல வேண்டிய விடயம். நான் பேசப்போவது அதற்கு முந்திய, கடைக்கும் வாங்கியவருக்கும் இடையிலான விடயத்தை.

எங்கள் ஊரில் ஒரு பள்ளிவாசல் நிர்வாக சபை நோன்புக்காக 200 பொதிகளுக்குக் கட்டளை கொடுத்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஐந்து கிலோ நாட்டரிசி, ஒரு கிலோ பருப்பு, ஒரு கிலோ சீனி, இன்னும் சில சாமான்கள். அரிசி கிலோ 225 ரூபாய், பருப்பு கிலோ 300 ரூபாய் என்று பேசப்பட்டது. கடைக்காரரே சாக்கில் வந்த அரிசியையும் பருப்பையும் சீனியையும் நிறுத்துப் பைகளில் கட்டி அனுப்புவார். கணக்குப் பார்க்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்று: இறக்கும்போது பக்கத்தில் ஒரு தராசு இருக்க வேண்டும்.

எந்தத் தராசு என்பதில்தான் பாதி வழக்கு இருக்கிறது. வீட்டுச் சமையலறையில் கேக் செய்ய வைத்திருக்கும் சிறிய தராசில் ஐந்து கிலோவை வைத்து, குறைகிறது என்று சொன்னால் எந்தக் கடைக்காரரும் ஏற்க மாட்டார். ஏற்க வேண்டியதும் இல்லை. வியாபாரத்துக்குப் பாவிக்கும் தராசுகளை வருடாவருடம் பரிசோதித்து முத்திரையிடுவது அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் வேலை. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அதற்கானது. எனவே அந்த வருட முத்திரை உள்ள தராசு ஒன்றைப் பக்கத்துக் கோழிக் கடையில் இருந்து ஒரு மணித்தியாலத்துக்கு வாங்கி வந்தோம். சீமெந்துத் தரையில் ஆடாமல் வைத்து, வெறுமையாகப் பூச்சியம் காட்டுகிறதா என்று பார்த்தோம். பிறகு கம்பனியில் மூடி வந்த ஒரு கிலோப் பைக்கற்றுகள் மூன்றை, வெவ்வேறு வகைகளில், ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். மூன்றும் ஒரு கிலோவும் பையின் நிறையும் சேர்ந்த அளவைக் காட்டின. இது ஆய்வுகூடப் பரிசோதனை அல்ல. ஆனால் தராசு ஒரேயடியாகக் குறைத்துக் காட்டவில்லை என்பதற்கு அந்த இடத்தில் அது போதும்.

அடுத்தது எந்தப் பொதிகளை நிறுப்பது என்பது. பார்வைக்குச் சிறியதாகத் தெரிவதைத் தேடி எடுத்தால் அது நேர்மையான மாதிரி ஆகாது. லொறியின் முன்பக்கம், நடு, அடி என்று கலந்து பத்து அரிசிப் பொதிகளை எடுத்தோம். கட்டை அவிழ்க்கவில்லை. ஒவ்வொன்றின் நிறையையும் தாளில் எழுதி, தராசின் இலக்கம் தெரியும்படி படம் எடுத்தோம். லொறியில் வந்த தம்பியைப் பக்கத்தில் நிறுத்தி, அவருக்கும் காட்டினோம். கடைசியில் ஒரு வெறும் பையை நிறுத்தோம்: 25 கிராம்.

மிக இலேசான பொதி பையுடன் 4.865 கிலோ. மிகப் பாரமானது 4.905 கிலோ. பத்தின் சராசரி 4.885. பையின் 25 கிராமைக் கழித்தால் அரிசி 4.860 கிலோ. அதாவது ஒவ்வொரு பொதியிலும் சராசரியாக 140 கிராம் இல்லை. பருப்பையும் அப்படியே பார்த்தோம். பை நீங்கலாகச் சராசரி 965 கிராம். சீனி 995 கிராம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். எல்லாக் குறைவும் கோரக்கூடிய குறைவு அல்ல. முன்கூட்டியே கட்டி விற்கும் பொதிகளுக்கு, சட்ட அளவியலுக்கான சர்வதேச அமைப்பின் பரிந்துரை ஒரு தனிப் பொதியில் எவ்வளவு குறையலாம் என்று வரம்பு சொல்கிறது. ஒரு கிலோவுக்கு 15 கிராம், ஐந்து கிலோவுக்கு 75 கிராம். இயந்திரத்தில் கட்டினாலும் ஒவ்வொரு பொதியும் அச்சொட்டாக வராது என்பதற்காக வைத்த இடைவெளி அது. ஆனால் அதே பரிந்துரையில் இன்னொரு பாதி இருக்கிறது: முழுத் தொகுதியின் சராசரி, எழுதிய நிறைக்குக் குறையக் கூடாது. ஒன்று 20 கிராம் குறைந்தால் இன்னொன்று 20 கிராம் கூடியிருக்க வேண்டும். வியாபாரிகள் சிலர் முதல் பாதியை மட்டும் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

எங்கள் அரிசிப் பொதிகளில் ஒன்றாவது ஐந்து கிலோவைத் தொடவில்லை. எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருந்தன. இதுதான் கவனிக்க வேண்டிய அடையாளம். கை தவறி அள்ளியிருந்தால் சில கூடும், சில குறையும். எல்லாமே ஒரே அளவு குறைந்தால், நிறுத்த முறையிலேயே ஒரு பிழை உட்கார்ந்திருக்கிறது. சீனியின் ஐந்து கிராமை நாங்கள் விட்டுவிட்டோம். அது பையின் நிறைதான்; பையோடு சேர்த்து ஒரு கிலோ பார்த்திருக்கிறார்கள். கண்டிப்பாகப் பார்த்தால் அதுவும் குறைவுதான், ஆனால் ஐந்து கிராமுக்கும் சேர்த்து வாதாடினால் 140 கிராமின் வலு குறைந்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

இங்கே வேறொரு எச்சரிக்கையும் தேவை. வெங்காயமும் உருளைக்கிழங்கும் வைத்திருக்க வைத்திருக்க நீர் இழந்து நிறை குறையும். உறைந்த கோழியை உருக விட்டால் தண்ணீர் வடியும். மீனை வெட்டிச் சுத்தம் செய்த பின் நிறுத்தால், கடையில் முழுசாக நிறுத்ததை விட மிகவும் குறையும். இவற்றை மூன்று நாள் கழித்து நிறுத்துவிட்டுக் கடைக்குப் போனால் தோற்றுத்தான் வர வேண்டும். வாங்கிய நிலையில், வாங்கிய அன்றே நிறுக்க வேண்டும். அரிசியும் பருப்பும் அவ்வளவு மாறாது என்றாலும் பையை அவிழ்த்த பிறகு யார் எவ்வளவு எடுத்தார் என்பதை யாராலும் நிரூபிக்க முடியாது.

லொறி வந்ததும் நீட்டப்படும் சீட்டில் கையெழுத்து வைப்பதுதான் பலரும் சறுக்கும் இடம். "சாமான்கள் சரியாகப் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சிட்டிருக்கும். அதன் கீழ் வெறும் கையெழுத்துப் போட்டால், பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் கடைக்காரர் அந்தத் தாளைத்தான் காட்டுவார். நாங்கள் கையெழுத்தின் மேல் இப்படி எழுதினோம்: "பொதிகளின் எண்ணிக்கை சரி. மாதிரியாக நிறுத்த பத்து அரிசிப் பொதிகளில் சராசரி 140 கிராமும், பருப்புப் பொதிகளில் 35 கிராமும் குறைவு. ஏனையவை நிறுக்கப்படவில்லை." லொறித் தம்பியும் அதன் கீழ் கையெழுத்து வைத்தார். நிறுக்க நேரமே இல்லாவிட்டாலும், "எண்ணிக்கை மட்டும் பார்க்கப்பட்டது, நிறை பார்க்கப்படவில்லை" என்று ஒரு வரி எழுதினால் கதவு திறந்திருக்கும்.

சட்டம் இந்த விடயத்தில் நூற்றாண்டுக்கு மேலாகத் தெளிவாகத்தான் இருக்கிறது. 1896ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, பேசிய அளவை விடக் குறைவாகப் பொருள் ஒப்படைக்கப்பட்டால் வாங்குபவர் முழுவதையும் வேண்டாம் என்று திருப்பிவிடலாம். அல்லது வந்ததை ஏற்றுக்கொண்டு, வந்த அளவுக்கு மட்டும் பேசிய விலையில் பணம் கொடுக்கலாம். கடைக்காரர் வேண்டுமென்று செய்தார் என்று நிரூபிக்க வேண்டிய தேவை இதில் இல்லை. கோரிக்கை வைப்பவர்கள் பெரும்பாலும் கோபத்தில் மறப்பது இதைத்தான். "ஏமாற்றிவிட்டீர்கள்" என்று ஆரம்பித்தால் பேச்சு அவரது மானத்தைப் பற்றியதாக மாறிவிடும். "குறைகிறது" என்று ஆரம்பித்தால் பேச்சு நிறையைப் பற்றியதாகவே இருக்கும். அதே சட்டம், பொருளைப் பெற்றபின் நியாயமான காலத்துக்குள் மறுப்புத் தெரிவிக்காமல் வைத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டதாகவே கருதுகிறது. எனவே அன்றைக்கே சொல்ல வேண்டும்.

அன்று அஸருக்குப் பிறகு நிர்வாக சபைத் தலைவரும் நானும் கடைக்குப் போனோம். முதலில் வந்த பதில் எதிர்பார்த்ததுதான்.

"என்ன ஹாஜியார், நூறு கிராமுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க? நோன்பு காலத்துல நானும் விலை குறைச்சுத்தானே தந்தேன்."

"விலை குறைச்சதுக்கு அல்லாஹ் பரக்கத் செய்யட்டும் நானா. நூறு கிராம் இல்ல, இருநூறு பொதியில இருபத்தெட்டுக் கிலோ. அஞ்சு குடும்பத்துக்கும் மேல வரும்."

இருபத்தெட்டுக் கிலோ என்றதும் அவர் முகம் மாறியது. பிறகு மில்லில் இருந்தே குறைத்துத்தான் வருகிறது என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எங்களுக்கு விற்றது மில் அல்ல, அவர். மில்லோடு அவருக்குள்ள கணக்கு அவருடையது. பத்துப் பொதியை வைத்து இருநூறுக்கும் கணக்குப் போடலாமா என்று அடுத்துக் கேட்டார். அது நியாயமான கேள்வி. "அப்படியென்றால் இன்னும் பத்தை நீங்களே தெரிவு செய்யுங்க, உங்க தராசிலேயே நிறுப்போம்" என்று தலைவர் சொன்னார். அவரது மகன் வந்து தானே பத்தை எடுத்துக் கடைத் தராசில் நிறுத்தார். பை நீங்கலாகச் சராசரி 4.865. எங்கள் கணக்குக்கும் அவர்கள் கணக்குக்கும் ஐந்து கிராம்தான் வித்தியாசம். அதற்கு மேல் வாதம் இருக்கவில்லை.

காரணத்தையும் அந்த மகன்தான் கண்டுபிடித்தார். அரிசியை ஒரு பிளாஸ்டிக் பேசினில் போட்டு ஐந்து கிலோ பார்த்து, பிறகு பையில் கொட்டியிருக்கிறார்கள். பேசினின் நிறையைத் தராசில் கழிக்கவில்லை. பேசினைத் தனியே வைத்துப் பார்த்தபோது 140 கிராமை ஒட்டி வந்தது. பருப்புக்குச் சின்ன ஜக்கு ஒன்று. கட்டியவர்கள் நோன்புக்காக வந்த தற்காலிகப் பொடியன்கள்.

ஆனால் காரணம் தெரிவதற்கு முன்பே கோரிக்கை எழுத்தில் போயிருந்தது. கடைக்குப் புறப்படும் முன் வாட்ஸ்அப்பில் படங்களுடன் அனுப்பியதை அப்படியே தருகிறேன், யாருக்காவது உதவலாம்: "இன்று உங்கள் பற்றுச்சீட்டின்படி 5 கிலோ நாட்டரிசிப் பொதி 200, 1 கிலோ பருப்புப் பொதி 200 பெற்றுக்கொண்டோம். முத்திரையிட்ட தராசில் மாதிரிகளை நிறுத்தபோது அரிசி பொதி ஒன்றுக்குச் சராசரி 140 கிராம், பருப்பு 35 கிராம் குறைவு. மொத்தம் அரிசி 28 கிலோ, கிலோ 225 ரூபாய்ப்படி 6,300 ரூபாய். பருப்பு 7 கிலோ, கிலோ 300 ரூபாய்ப்படி 2,100 ரூபாய். குறைவான பொருளை இரண்டு நாளைக்குள் அனுப்பித் தரவும், அல்லது 8,400 ரூபாயைப் பில்லில் கழிக்கவும். பொதிகள் அவிழ்க்கப்படாமல் உள்ளன. நீங்கள் வந்து பார்க்கலாம்." இதில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்தது, வித்தியாசம் எவ்வளவு, என்ன விலைப்படி, என்ன வேண்டும், எப்போதைக்குள் என்பது மட்டும் இருக்கிறது.

அவர் பொருளாகவே தந்தார். அந்த 28 கிலோவை வைத்து இன்னும் ஐந்து பொதி கட்டலாம் என்று ஒரு கருத்து வந்தது. வேண்டாம் என்று தீர்மானித்தோம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஐந்து கிலோ என்று சொல்லித்தான் பணம் சேர்க்கப்பட்டது. பட்டியலிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. தராவீஹ் முடிந்து வாலிபர்கள் உட்கார்ந்து இருநூறு பையையும் அவிழ்த்து நிரப்பினார்கள்.

இந்தக் கடைக்காரர் நேர்மையானவர், விடயம் ஒரே நாளில் முடிந்தது. மறுத்திருந்தால் என்ன செய்வது?

இங்கே இரண்டு நிறுவனங்கள் இருக்கின்றன. மக்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். தராசு பிழையா, முத்திரை இல்லையா, கட்டிய பொதிகள் தொடர்ந்து குறைகின்றனவா என்பது நான் முன்பு சொன்ன அளவீட்டுத் திணைக்களத்தின் விடயம். மாவட்ட செயலகத்தில் விசாரித்தால் பரிசோதகர்களை அணுகலாம். அவர்களிடம் போவது கடையின் தராசைத் திருத்துவதற்கு, உங்கள் 8,400 ரூபாயைப் பெறுவதற்கு அல்ல. பணத்துக்கோ பதில் பொருளுக்கோ போக வேண்டிய இடம் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லலாம். ஆனால் நட்டஈடு கேட்பதானால் எழுத்தில் முறைப்பாடு வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, வியாபாரி வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒத்துவராத பொருளைப் பற்றிய முறைப்பாட்டை விசாரித்து, நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பவோ உத்தரவிட அதிகாரம் தருகிறது. பையில் "5 கிலோ" என்று எழுதி விற்பது அப்படியான ஓர் உத்தரவாதம் என்பதே என் வாசிப்பு.

அந்த முறைப்பாட்டோடு போக வேண்டியவை பற்றுச்சீட்டின் பிரதி, நிறைகள் எழுதிய தாள், படங்கள், கடைக்கு அனுப்பிய கடிதம், அவரது பதில். பற்றுச்சீட்டு இல்லாமல் போனால் மிகவும் சிரமம். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டியது அதே சட்டப்படி வியாபாரியின் கடமை, அதில் அளவும் விலையும் இருக்க வேண்டும். நம் ஊர்களில் மொத்தமாக வாங்கும்போது சிகரட் பெட்டி அட்டையின் பின்னால் தொகையை மட்டும் கிறுக்கித் தருவதும், தெரிந்த மனிதர் என்று நாம் வாங்கி மடித்து வைப்பதும் இன்னும் நடக்கிறது. "சாமான் வகைக்கு 3,80,000" என்று எழுதிய அட்டையை வைத்து 28 கிலோ அரிசியை யாரிடமும் கேட்க முடியாது.

வீட்டுக்கு வாங்குபவருக்கும் இதே வழிதான், அளவு மட்டும் சிறியது. சுப்பர் மார்க்கட்டில் இறைச்சியோ மரக்கறியோ வாங்கினால் லேபலில் நிறையும் விலையும் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் லேபலோடு தராசில் வைத்துப் படம் எடுங்கள். தட்டின் நிறையைப் பிறகு தனியே பாருங்கள். தட்டையும் சேர்த்து இறைச்சி விலைக்கு விற்றிருந்தால் அங்கேயே தெரியும். வீட்டுத் தராசில் குறைந்தால் உடனே சண்டைக்குப் போகாமல், பையை அவிழ்க்காமல் முத்திரையுள்ள தராசு வைத்திருக்கும் வேறு இரண்டு கடைகளில் நிறுத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றையே சொன்னால் வாங்கிய கடைக்கு அன்றே போங்கள். ஒரு கிலோவில் பத்துக் கிராம் என்றால் நான் போக மாட்டேன். ஐம்பது கிராம் என்றால் போவேன். ஒவ்வொரு வாரமும் அதே கடையில் முப்பது கிராம் என்றால், எழுதி வைத்துக்கொண்டு திணைக்களத்துக்கே போவேன்.

பள்ளிவாசல் நிர்வாகங்கள் அடுத்த முறை கட்டளை கொடுக்கும்போதே மூன்று விடயங்களைத் தாளில் எழுதிவிடலாம்: நிறை என்பது பையும் பாத்திரமும் நீங்கலான நிறை, இறக்கும்போது எங்கள் தராசில் பத்துக்கு ஒன்று நிறுக்கப்படும், சராசரி குறைந்தால் முழுத் தொகுதிக்கும் அதே விகிதத்தில் கழிக்கப்படும். எங்கள் ஊர்க் கடைக்காரர் மறுவருடம் இதைப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி கையெழுத்து வைத்தார். பேசினையும் மாற்றியிருந்தார். இதையெல்லாம் எழுதாமல் வாங்கி, குறைந்தது பிறகுதான் தெரிந்தவர்கள் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளட்டும்: அதிகார சபைக்கான எழுத்து முறைப்பாட்டுக்குக் காலம் பொருள் விற்கப்பட்ட நாளில் இருந்து மூன்று மாதம். நோன்புக்கு வாங்கிய அரிசிக்கு அது ஹஜ்ஜுப் பெருநாளைக் கொஞ்சம் முன்பின்னாகவே முடிந்துவிடும்.